எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் ஒலி விலகிப் போகிறதா? மாறும் பிரேம் வேகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

சென்ற மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை, கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கைத்தொலைபேசியில் முழுமையாகப் பதிவு செய்தேன். பதிவு செய்த கோப்பைத் தொலைபேசியில் போட்டுப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் எடிட் செய்து எக்ஸ்போர்ட் எடுத்த பிறகு, பாதிக்கு மேல் வாயசைவும் பாட்டும் பொருந்தவில்லை. ரதியாக வேடமிட்டவர் புலம்பி முடித்து வாயை மூடிய பின்னரும் புலம்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. தப்பு அடித்த பெரியவருக்கு அதைக் காட்டியபோது, "தம்பி, நான் அடிச்சது ஒன்னு, இதுல கேக்குறது வேற ஒன்னா இருக்கே" என்றார். அவர் சொன்னது சரியே: குச்சி தோலில் விழுந்து நான்கு செக்கன் கழித்தே அடியின் ஓசை வந்தது.

இதைச் சரிசெய்ய எனக்கு ஒன்பது இரவுகள் தேவைப்பட்டன. அவற்றில் ஏழு, தவறான இடத்தில் தவறான காரணத்தைத் தேடியதால் வீணானவை. காரணம் தெரிந்துவிட்டால் இது ஒரு மாலையில் முடியக்கூடிய வேலை. கைத்தொலைபேசியில் எடுத்த நீண்ட பதிவை முதன்முறையாக எடிட் செய்ய உட்காரும் உங்களுக்காக, நான் கடைசியில் கண்டடைந்த வரிசையிலேயே படிகளை எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

முதலாவது, தொலைபேசியில் பதிவான மூலக்கோப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிய பிரதி உதவாது. அது அனுப்பும்போதே சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாக மாறிவிடுகிறது. தொலைபேசியைக் கேபிள் மூலம் கணினியில் இணைத்து நேரடியாகப் பிரதி எடுப்பதே நல்லது. நண்பர் ஒருவரின் தொலைபேசியில் இருந்து வர வேண்டுமானால், வீடியோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆவணம் ஒன்றுக்கு 2 கிகாபைட் என்பது வரம்பு.

இரண்டாவது, வட்டில் இடம். எனது 40 நிமிடப் பதிவு ஏறத்தாழ 5 கிகாபைட் இருந்தது. சரிசெய்த பிரதி 11 கிகாபைட் வந்தது. மூலக்கோப்பைப் போல மூன்று மடங்கு இடம் காலியாக இருந்தால் நடுவில் தடைப்படாது.

மூன்றாவது, மூன்று இலவச மென்பொருள்கள்: கோப்பின் விவரத்தைக் காட்டும் MediaInfo, மாற்றம் செய்யும் HandBrake, கட்டளை மூலம் வேலை செய்யும் ffmpeg. ffmpeg தொகுப்பிலேயே ffprobe என்ற சோதனைக் கருவியும் வருகிறது. ஆகவே செலவு என்பது தரவிறக்குவதற்கான டேட்டா மட்டுமே. கட்டளை எழுதுவதில் தயக்கம் உள்ளவர்கள் முதல் இரண்டையும் வைத்தே வேலையை முடிக்கலாம்.

2. இது எந்த வகைப் பிழை என்று முதலில் பிரித்தறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றதனால்தான் எனது ஏழு இரவுகள் போயின. எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் தொடக்கம், கால்பங்கு, பாதி, முக்கால், முடிவு என ஐந்து இடங்களில் நிறுத்தி, ஒலிக்கும் படத்துக்கும் இடையே எவ்வளவு விலகல் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைதட்டல், தப்பு அடி, தேங்காய் உடைப்பது போன்று ஒரே கணத்தில் நிகழும் செயல்களை வைத்து அளப்பது எளிது.

விலகல் ஐந்து இடங்களிலும் ஒரே அளவாக இருந்தால், அது இந்தக் கட்டுரை பேசும் பிழை அல்ல. ஒலித்தடத்தை முழுவதுமாக நகர்த்தினால் போதும். மேடையில் இருந்து 20 மீற்றர் தள்ளி நின்று பதிவு செய்தாலே இப்படி ஒரு நிலையான விலகல் இருக்கும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், அது தொலைபேசியை வந்தடைய 0.06 செக்கன், அதாவது இரண்டு பிரேம் அளவு தாமதமாகிறது.

விலகல் தொடக்கத்தில் இல்லாமல் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒலியைத் தனி றெக்கோடரில் பதிவு செய்திருந்தால், அதன் கடிகாரமும் தொலைபேசியின் கடிகாரமும் மிகச் சிறிதளவு வேறுபடலாம். இது 40 நிமிடத்தில் சில பிரேம்களைத் தாண்டாது. மற்றது, செக்கனுக்கு 29.97 பிரேம் உள்ள கோப்பை 30 என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்வது. இதில் ஒரு மணி நேரத்துக்கு 3.6 செக்கன் விலகும்.

விலகல் சில பகுதிகளில் வேகமாகக் கூடி, சில பகுதிகளில் கூடாமல் அப்படியே நின்றால், அது மாறும் பிரேம் வேகத்தின் அடையாளம். எனது தாளில் 15 ஆவது நிமிடம் வரை விலகல் இல்லை. 30 ஆவது நிமிடத்தில் நான்கு செக்கன். 40 ஆவது நிமிடத்திலும் அதே நான்கு செக்கன். முதல் 15 நிமிடம் மின்விளக்கு எரிந்தது. அடுத்த 15 நிமிடம் விளக்குகளை அணைத்துவிட்டுத் தீப்பந்த வெளிச்சத்தில் மட்டும் ஆடினார்கள். பின்னர் விளக்குகள் மீண்டும் எரிந்தன. தீப்பந்த நேரமும் விலகல் கூடிய நேரமும் ஒன்றாக இருந்ததைக் கண்ட பின்னரே காரணம் பிடிபட்டது.

3. காரணத்தை ஒருமுறை விளங்கிக்கொள்ளுங்கள்

செக்கனுக்கு 30 பிரேம் என்று தொலைபேசி சொன்னாலும், அது ஒவ்வொரு பிரேமையும் மிகச்சரியாக முப்பதில் ஒரு செக்கனுக்கு ஒருமுறை எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒரு பிரேமுக்கு அதிக நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தொலைபேசி சூடேறினால் அல்லது வேறு வேலையில் ஈடுபட்டால் ஒரு பிரேம் தவறிவிடுகிறது. தவறியதற்குப் பதிலாக எதையும் வைக்காமல், எடுத்த ஒவ்வொரு பிரேமும் எந்த நேரத்தில் தோன்ற வேண்டும் என்ற நேரக்குறியை மட்டும் கோப்பில் எழுதிவிடுகிறது. ஒலியோ செக்கனுக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருக்கும்.

தொலைபேசியில் உள்ள பிளேயர் நேரக்குறியைப் பார்த்தே ஒவ்வொரு பிரேமையும் காட்டுவதால் மூலக்கோப்பில் பிழையே தெரியாது. எடிட்டிங் மென்பொருள்களிலோ, எல்லாப் பிரேமும் சம இடைவெளியில் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை உண்டு. அத்தகைய மென்பொருள் நேரக்குறியை விட்டுவிட்டுப் பிரேம்களை எண்ணி வரிசையாக அடுக்கிவிட்டால், தவறிய ஒவ்வொரு பிரேமுக்கும் படம் முப்பதில் ஒரு செக்கன் முந்திச் செல்கிறது, ஒலி பின்தங்குகிறது. டைம்லைனில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இயக்கிப் பார்த்தபோது எனக்கு இது தெரியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எழுதப்பட்ட எக்ஸ்போர்ட்டில்தான் முழு விலகலும் வெளிப்பட்டது.

4. மூலக்கோப்பைச் சோதியுங்கள்

MediaInfo மென்பொருளில் கோப்பைத் திறந்து, `View` பட்டியலில் `Text` என்பதைத் தெரிவு செய்யுங்கள். `Video` என்ற தலைப்பின்கீழ் `Frame rate mode` என்ற வரியைத் தேடுங்கள். அதில் `Constant` என்று இருந்தால் பிரேம் வேகம் மாறாதது. `Variable` என்று இருந்தால் மாறுவது. அப்போது குறைந்தபட்ச, அதிகபட்ச வேகங்களும் அருகிலேயே காட்டப்படும். குறைந்தபட்சம் 15 என்ற எண்ணைக் கண்டு பதற வேண்டாம். ஒரே ஒரு பிரேம் தவறி, முந்திய பிரேம் இரண்டு மடங்கு நேரம் நின்றாலும் அந்த இடத்தின் வேகம் 15 என்றே கணக்கிடப்படும்.

எத்தனை பிரேம் தவறியது என்று அறிய விரும்பினால், கோப்பு இருக்கும் இடத்தில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை இயக்குங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,duration,nb_frames -of default=nw=1 koothu.mp4
```

எனக்குக் கிடைத்த விடை:

```
r_frame_rate=30/1
avg_frame_rate=599/20
duration=2400.000000
nb_frames=71880
```

இதைப் படிப்பது கடினமில்லை. 2,400 செக்கனுக்குச் செக்கனுக்கு 30 பிரேம் வீதம் 72,000 பிரேம் இருக்க வேண்டும்; இருப்பதோ 71,880. எனவே 120 பிரேம் குறைவு. அதை 30 ஆல் வகுத்தால் நான்கு செக்கன். பெரியவரின் காது பிடித்துச் சொன்ன விலகலும் இந்தக் கணக்கும் ஒன்றாக வந்தபோது, இனி வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்று எனக்கு உறுதியாயிற்று.

5. ஒலியை இழுத்தோ சுருக்கியோ சரிசெய்ய முயலாதீர்கள்

பலரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான். முடிவில் நான்கு செக்கன் பின்தங்குகிறது என்றால் ஒலியை நான்கு செக்கன் சுருக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் 2,400 செக்கன் ஒலியை 2,396 ஆகச் சுருக்கினேன். தொடக்கமும் முடிவும் பொருந்தின. மகிழ்ந்துபோய் எக்ஸ்போர்ட் செய்து எல்லோருக்கும் அனுப்பியும் விட்டேன்.

ஆனால் சுருக்கம் 40 நிமிடத்துக்கும் சமமாகப் பரவுகிறது. பிழையோ நடுவில் உள்ள 15 நிமிடத்தில் மட்டும் இருக்கிறது. 15 ஆவது நிமிடத்தில் படம் விலகவே இல்லை. சுருங்கிய ஒலியோ அதற்குள் 1.5 செக்கன் முந்திவிட்டது. 30 ஆவது நிமிடத்தில் படம் நான்கு செக்கன் முந்தியிருக்க, ஒலி மூன்று செக்கன் மட்டுமே முந்தியிருந்ததால், இன்னும் ஒரு செக்கன் பின்தங்கியது. முன்பு நன்றாக இருந்த முதல் பகுதியையும் இதனால் கெடுத்துக்கொண்டேன். நம் கண்ணும் காதும் இவ்வளவு பெரிய விலகலை ஒருபோதும் மன்னிப்பதில்லை. ஒலி பத்தில் ஒரு செக்கன் முந்தினாலே பலருக்குத் தெரிந்துவிடும்.

ஒலியைத் தொடாதீர்கள். திருத்தப்பட வேண்டியது படம்.

6. எடிட் செய்யுமுன் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள்

செய்ய வேண்டியது இவ்வளவே: நேரக்குறிகளைப் படித்து, பிரேம் தவறிய இடங்களில் முந்திய பிரேமையே மீண்டும் ஒருமுறை வைத்து, சம இடைவெளியில் 72,000 பிரேம் உள்ள புதிய கோப்பை எழுத வேண்டும். ஒரு பிரேம் முப்பதில் ஒரு செக்கன் கூடுதலாக நிற்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

HandBrake பயன்படுத்துவோர் கோப்பைத் திறந்தபின் `Video` பக்கத்துக்குச் சென்று, `Framerate (FPS)` என்ற இடத்தில் `30` ஐத் தெரிவு செய்து, அதன் அருகில் உள்ள `Constant Framerate` என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் விழும் குழி இருக்கிறது. `Fast 1080p30` என்ற ஆயத்த அமைப்பின் பெயரில் 30 இருப்பதால், அதுவே போதும் என்று நினைத்துவிடுவோம். ஆனால் அதில் தெரிவாகியிருப்பது `Peak Framerate`. அதன் பொருள் 30 ஐத் தாண்டாது என்பது மட்டுமே, குறைவது தொடரும். நான் இரண்டு இரவுகள் மாற்றிய கோப்புகள் அனைத்தும் இதனால் பழையபடியே மாறும் வேகத்தில் இருந்தன.

அதே பக்கத்தில் தரத்தை `RF 16` அளவுக்குக் கொண்டுவாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். இது எடிட் செய்வதற்கான இடைப்பிரதி என்பதால் இங்கே சிக்கனம் வேண்டாம். `Audio` பக்கத்தில் `Samplerate` 48 ஆக இருக்கட்டும். `Dimensions` பக்கத்தில் `Cropping` என்பது தானியங்கியாக இருந்தால் அதை `None` ஆக்குங்கள். இரவுக் காட்சியின் கருமையான ஓரத்தைத் தேவையற்ற கறுப்புப் பட்டை என்று கருதி மென்பொருள் வெட்டிவிடக்கூடும்.

ffmpeg பயன்படுத்துவோருக்கு ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i koothu.mp4 -vf fps=30 -c:v libx264 -preset fast -crf 16 -pix_fmt yuv420p -c:a pcm_s16le -ar 48000 koothu_cfr.mov
```

`fps=30` என்பதே இதில் உயிரான பகுதி. `pcm_s16le` ஒலியைச் சுருக்காமல் வைக்கிறது. `yuv420p` எல்லா எடிட்டிங் மென்பொருளும் திறக்கக்கூடிய வண்ண அமைப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். `-r 30` என்பதை `-i` க்கு முன்னால் எழுதும் ஆலோசனையைச் சில இடங்களில் காண்பீர்கள். அவ்விடத்தில் எழுதினால் ffmpeg கோப்பில் உள்ள நேரக்குறிகளைப் புறக்கணித்து, பிரேம்களை எண்ணி அடுக்கத் தொடங்கிவிடும். நாம் தப்பிக்க முயலும் பிழையை நாமே கோப்புக்குள் எழுதியதாகிவிடும். அதேபோல `-c copy` போட்டுப் பெயரை மட்டும் மாற்றிய கோப்பும் மாறாத வேகத்துக்கு வராது. அதில் பிரேம்கள் தொடப்படுவதே இல்லை.

எந்த எண்ணுக்கு மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் தெரிவு செய்திருந்த வேகத்துக்கே மாற்றுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25 என்பதற்காக 30 இல் எடுத்ததை 25 ஆக்கினால், செக்கனுக்கு ஐந்து பிரேம் வீசப்பட்டு அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஒலிப் பொருத்தம் கெடாது, ஆனால் ஆட்டம் கெட்டுப்போகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, எனது எட்டு வருடப் பழைய மடிக்கணினி 40 நிமிடக் கோப்புக்கு 55 நிமிடம் எடுத்தது. மலைநாட்டு மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. `.mp4` அல்லது `.mov` கோப்பு எழுதி முடியுமுன் கணினி நின்றுவிட்டால், எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும் அந்தக் கோப்பு திறக்காது, ஏனெனில் பிரேம்களின் பட்டியல் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பற்றரி முழுவதும் ஏறிய மடிக்கணினியில், இடி மின்னல் இல்லாத நேரத்தில் தொடங்குங்கள்.

7. மாற்றிய கோப்பைச் சோதிக்காமல் எடிட்டிங்கில் இறங்காதீர்கள்

புதிய கோப்பை MediaInfo இல் திறந்து `Constant` என்று வந்திருக்கிறதா எனப் பாருங்கள். அதன் நீளமும் மூலக்கோப்பின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பிரேம் வேறுபாடு பொருட்டல்ல, ஒரு செக்கனுக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. ffprobe இல் எனக்கு இம்முறை 72,000 பிரேம் வந்தது. பின்னர், நீங்கள் முன்பு தாளில் குறித்த அதே ஐந்து இடங்களைப் பாருங்கள்.

8. எடிட்டிங் திட்டத்தைச் சரியான வேகத்தில் தொடங்குங்கள்

கோப்புகளை உள்ளே எடுப்பதற்கு முன்னரே திட்டத்தின் பிரேம் வேகத்தை 30 என வைத்துவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் கோப்புகளை டைம்லைனில் வைத்த பிறகு அந்த டைம்லைனின் வேகத்தை மாற்ற இடம் கிடைக்காது. கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இலவச மென்பொருள்கள் மாறும் வேகமுள்ள கோப்பை உள்ளே எடுத்தவுடன் அதை மாற்றித் தரவா என்று தாமாகவே கேட்கும். அவசரத்தில் அதை மறுத்துவிடாதீர்கள்.

நீங்கள் ஏற்கனவே பழைய கோப்பை வைத்து எடிட் செய்து முடித்திருந்தால், எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. முதலில் திட்டத்தை வேறு பெயரில் சேமியுங்கள். பின்னர் மூலக்கோப்பை மாற்றிய கோப்பால் பதிலீடு செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இது கோப்பின்மீது வலது பொத்தானை அழுத்தினால் கிடைக்கும். ஆனால் வெட்டுகள் தவறான நேரக்கணக்கில் போடப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். எனது வெட்டுகளில் முதல் 15 நிமிடத்துக்குள் இருந்தவை சரியாக நின்றன. அதற்குப் பிந்தியவை படிப்படியாக நான்கு செக்கன் வரை இடம் மாறியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் பிடித்தது. எக்ஸ்போர்ட் ஆன கோப்பையே HandBrake இல் போட்டு மாற்றினால் சரியாகும் என்று நினைப்பதும் வீண். அதில் விலகல் ஏற்கனவே பதிந்துவிட்டது, நேரக்குறிகளும் போய்விட்டன.

9. தனி றெக்கோடர் இருந்தால்

பாட்டைத் தெளிவாக எடுப்பதற்காக நான் தப்பு அடிப்பவர்களுக்கு அருகே ஒரு சிறிய றெக்கோடரையும் வைத்திருந்தேன். படத்தைச் சரிசெய்யாமல் இந்த ஒலியைப் பொருத்த முயன்றால் பிழைக்குமேல் பிழை சேரும். படம் மாறாத வேகத்துக்கு வந்த பிறகு, தொலைபேசியின் சொந்த ஒலியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு றெக்கோடர் ஒலியின் முதல் தப்பு அடியைப் பொருத்துங்கள். பிறகு கடைசி அடிக்குச் செல்லுங்கள். எனக்கு அங்கே நான்கு பிரேம் விலகல் இருந்தது. 40 நிமிடத்தில் 0.13 செக்கன். இது கடிகார வேறுபாட்டால் வருவது, சீராகக் கூடுவது. ஆகவே இங்கே மட்டும் ஒலியை இழுப்பதோ சுருக்குவதோ தகும். அதைவிட, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஓசையற்ற இடத்தில் வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் ஒரு பிரேம் நகர்த்தி வைப்பதையே நான் விரும்புகிறேன். தப்பின் நாதம் அப்படியே இருக்கும்.

10. சிறிய எக்ஸ்போர்ட் ஒன்றை முதலில் எடுங்கள்

முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் செல்லும். அதனால், நீளத்தையும் 30 என்ற வேகத்தையும் மாற்றாமல், படத்தின் அளவை மட்டும் 640க்கு 360 ஆகக் குறைத்து ஒரு சோதனைப் பிரதி எடுக்கிறேன். அது பல மடங்கு விரைவில் முடிகிறது. விலகல் இருந்தால் சிறிய பிரதியிலும் அதே இடத்தில் தெரியும். ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சோதிப்பதில் பயனில்லை, ஏனெனில் இப்பிழை சேர்ந்து சேர்ந்தே பெரிதாகிறது. தாளில் உள்ள ஐந்து இடங்களும் பொருந்தினால் முழு அளவு எக்ஸ்போர்ட்டை இரவில் ஓடவிட்டுப் படுக்கலாம்.

11. அடுத்த பதிவில் இதைக் குறைத்துக்கொள்ள

ஐபோனில் `Settings`, `Camera`, `Record Video` என்ற வழியே சென்றால் `Auto FPS` என்ற தெரிவு இருக்கும். வெளிச்சம் குறையும்போது 30 ஐ 24 ஆக இறக்கிவிடுவது அதுவே, எனவே அதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில், ஷட்டரையும் பிரேம் வேகத்தையும் கையால் நிலைநிறுத்த உதவும் பதிவுச் செயலிகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை ஐம்பதில் ஒன்றிலோ நூறில் ஒன்றிலோ வைத்தால் குழல்விளக்கின் துடிப்பும் படத்தில் விழாது. பதிவுக்கு முன் தொலைபேசியில் மற்றச் செயலிகளை மூடி, சேமிப்பிடத்தைக் காலி செய்து, மின்சேமிப்பு நிலையை அணைத்துவிடுங்கள். இத்தனையும் செய்தாலும் தொலைபேசிப் பதிவு முற்றிலும் சீரான வேகத்துக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தவறும் பிரேம்கள் குறையும், நான்காவது படியும் ஆறாவது படியும் எப்போதும் தேவைப்படும்.

தீப்பந்தக் காட்சியைப் பொறுத்தவரை, கூத்தின் அழகு கெடாமல் வெளிச்சம் கூட்ட வழி உண்டா என்று ஆடுபவர்களிடம் முன்கூட்டியே பேசிப் பார்க்கலாம். எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் அதற்கு இணங்கவில்லை, அது அவர்கள் உரிமை. காட்சியை மாற்றுவதைவிடக் கோப்பை மாற்றுவதே எனக்கும் சரியாகப் பட்டது.

கடைசியாக, மூலக்கோப்பை அழிக்காதீர்கள். இடைப்பிரதியான 11 கிகாபைட் கோப்பை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கலாம்; ஆகவே திருத்திய வீடியோவை எல்லோரும் பார்த்து முடித்த பின்னர் அதை அழித்து இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். நேரக்குறிகள் இருப்பது தொலைபேசியில் இருந்து வந்த 5 கிகாபைட் கோப்பில் மட்டுமே. நான் அதை இரண்டு வட்டுகளில், பயன்படுத்திய கட்டளையை எழுதிய ஒரு சிறு குறிப்புக் கோப்புடன் சேர்த்து வைத்திருக்கிறேன்.